எந்தப் புரதம் ஒழுகுகிறது? எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் சிறுநீரகத்தைத் தொடும்போது

ஒரே பரிசோதனைச் சீட்டில் இரண்டு வரிகள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. சிறுநீரில் சர்க்கரை மூன்று பிளஸ். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 96 மில்லிகிராம். அவற்றுக்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கிறது: சிறுநீரில் புரதம் ஒரு பிளஸ். அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

இந்தச் சீட்டுக்குரிய மனிதரை விளக்கத்துக்காக நானே கற்பித்துக்கொள்கிறேன். ஆனால் அவருக்கு நேர்வது எதுவும் கற்பனையில்லை. சிறுநீரக மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் கதைதான். வயது 46, எடை 48 கிலோ. ஆறு ஆண்டுகளாக எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிடுகிறார், ஒரு நாளும் தவறியதில்லை, ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை அளவிட முடியாத நிலையில் இருக்கிறது. சில மாதங்களாகத் தொடையிலும் இடுப்பிலும் வலி. படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறுகிறார். அருகில் உள்ள கிளினிக்கில் வலி ஊசி போட்டுக்கொண்டார், டைக்ளோஃபினாக் மாத்திரையும் வாங்கினார். எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுவதை அங்கே அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்பவர்கள் நம் ஊரில் வாழாதவர்கள். அடுத்த முறை போனபோது சிறுநீரில் சர்க்கரையைப் பார்த்துவிட்டு மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தச் சீட்டைச் சரியாகப் படிக்க, சிறுநீரகம் செய்யும் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வேலை வடிகட்டுவது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்முடிச்சுகள் உள்ளன. இரண்டுமாகச் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. இரண்டாவது வேலை மீட்டெடுப்பது. ஒவ்வொரு முடிச்சுக்குப் பின்னாலும் வளைந்து நெளிந்து போகும் ஒரு நுண்குழல் இருக்கிறது. வடிந்த நீரில் உடலுக்கு வேண்டிய சர்க்கரை, பாஸ்பேட், பைகார்பனேட், சின்னஞ்சிறு புரதங்கள் எல்லாவற்றையும் அது திரும்பப் பொறுக்கி ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. 180 லிட்டரில் ஒன்றரை லிட்டர்தான் கடைசியில் வெளியே வருகிறது.

ஆகவே புரதம் ஒழுகுவதற்கும் இரண்டு வழிகள். வடிகட்டியில் ஓட்டை விழுந்தால் அல்புமின் என்னும் பெரிய புரதம் கொட்டும். அப்படிக் கொட்டுவது ஒரு நாளைக்கு மூன்றரை கிராமைத் தாண்டினால் முகமும் காலும் வீங்கும், சிறுநீர் நுரைக்கும். குழல் கெட்டால் நடப்பது வேறு. அல்புமின் அதிகம் போகாது. வடிகட்டியில் இயல்பாகவே நழுவி வரும் சிறிய புரதங்களைப் பொறுக்க ஆளில்லாமல் அவை வெளியேறும். கூடவே சர்க்கரையும் பாஸ்பேட்டும் போகும்.

சோதனைக் கூடத்தில் சிறுநீரில் தோய்க்கும் காகிதப் பட்டை பெரும்பாலும் அல்புமினுக்குத்தான் நிறம் மாறும். சிறிய புரதங்கள் அதன் கண்ணில் படுவதில்லை. நம் மனிதரின் பட்டை ஒரு பிளஸ் காட்டியது அதனால்தான். அதே சிறுநீரில் மொத்தப் புரதத்தை கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளோடு ஒப்பிட்டு அளந்தால், ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 1.4 கிராம் புரதம் வருகிறது. இயல்பான அளவு 0.15-க்கும் கீழே. அல்புமினை மட்டும் தனியே அளந்தால் 0.28 கிராம். அதாவது வெளியேறும் புரதத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் அல்புமின். இந்தப் பங்கு 0.4-க்குக் கீழே இருந்தால் குற்றவாளி வடிகட்டியில்லை, குழல் என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டு சோதனைகளையும் ஒரே மாதிரியில் செய்துவிடலாம், பெரிய செலவும் இல்லை. என்றாலும் பெரும்பாலான இடங்களில் ஒன்றை மட்டும்தான் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், எச்.ஐ.வி. உள்ளவருக்கு இதில் ஒன்றை மட்டும் செய்வது பாதி வேலை.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம், சிகிச்சை அதைப் பொறுத்து நேரெதிராக மாறுவதுதான். ஒன்றில் எச்.ஐ.வி. மருந்தை உடனே தொடங்க வேண்டும். மற்றொன்றில் அதே மருந்துகளில் ஒன்றை உடனே நிறுத்த வேண்டும்.

முதல் வகையிலிருந்து தொடங்குவோம். 1984-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் மருத்துவர்கள் புதுவிதமான சிறுநீரகக் கேட்டை விவரித்தார்கள். எய்ட்ஸ் நோயாளிகளுக்குப் புரதம் ஏராளமாகக் கொட்டியது. ஆனாலும் பலருக்கு வீக்கமோ ரத்த அழுத்தமோ அவ்வளவாக இல்லை. சிறுநீரகம் செயலிழக்கும்போது வழக்கமாகச் சுருங்கும். இவர்களுக்கு ஸ்கேனில் பெரிதாகத் தெரிந்தது. சில மாதங்களிலேயே டயாலிசிஸ் தேவைப்பட்டது. வைரஸ் வடிகட்டும் முடிச்சின் செல்களுக்குள்ளேயே புகுந்து அவற்றின் குணத்தை மாற்றிவிடுகிறது, முடிச்சு மொத்தமாகச் சரிந்து நொறுங்குகிறது என்பது பின்னால் தெரிந்தது. எச்.ஐ.வி. சிறுநீரக நோய் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது முதன்மையாக இதைத்தான்.

அமெரிக்காவில் இந்நோய் வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். வறுமை, மருத்துவ வசதியின்மை என்று பல காரணங்கள் பேசப்பட்டன. 2010-இல் வேறொரு விடை வந்தது. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் ஏ.பி.ஓ.எல்-1 என்ற மரபணுவின் இரண்டு மாற்று வடிவங்கள் காணப்படுகின்றன. செட்சி ஈ பரப்பும் தூக்க நோயின் கிருமியைக் கொல்ல அவை உதவுகின்றன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளும் மாற்று வடிவமாக அமைந்தவருக்கு எச்.ஐ.வி. வந்தால் சிறுநீரகம் சரியும் ஆபத்து பலமடங்கு கூடுகிறது. மலேரியாவிலிருந்து காக்கும் அரிவாள் செல் மரபணு இரட்டையாக வரும்போது ரத்தச் சோகையாக மாறுவதைப் போன்ற கணக்கு இது.

இந்தியர்களிடம் இந்த மரபணு வடிவங்கள் இல்லையென்றே சொல்லலாம். அதனால் முடிச்சு சரியும் அந்த நோய் இங்கே அரிது. நம்மிடையே எச்.ஐ.வி. உள்ளவருக்கு வடிகட்டியிலிருந்து அல்புமின் கொட்டினால், எதிர்ப்புப் புரதங்கள் முடிச்சில் படிந்து உண்டாகும் அழற்சி, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் ஆகியவற்றை முதலில் தேட வேண்டும். கூட்டு மருந்தால் ஆயுள் நீண்டு, அறுபதைத் தாண்டியும் வாழ்கிறவர்கள் கூடிவரும் காலத்தில் கடைசி இரண்டும்தான் மிகுதி. அல்புமின் அதிகமாகக் கொட்டுகிறது, சிறுநீரில் ரத்த அணுக்கள் தெரிகின்றன, ரத்தத்தில் கிரியேட்டினின் வாரக்கணக்கில் ஏறுகிறது என்றால் ஊசியால் சிறுநீரகத் திசு எடுத்துப் பார்க்காமல் மருந்தை முடிவு செய்யக் கூடாது. முடிச்சு சரிந்த நோய்தான் என்று உறுதியானால் முதல் மருந்து கூட்டு மருந்தேதான். வைரஸை அடக்கினால் சரிவு நிற்கிறது. எனாலாப்ரில், லோசார்டான் போன்றவை வடிகட்டியின் மேலுள்ள அழுத்தத்தைக் குறைத்துப் புரத ஒழுக்கைத் தணிக்கும். பொட்டாசியம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் நம் மனிதருக்கு வடிகட்டி கெடவில்லை. குழல்தான் கெட்டிருக்கிறது. அவர் சாப்பிடும் ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 உள்ளன. எச்.ஐ.வி. கூட்டு மருந்து வழங்கும் அரசின் ஏ.ஆர்.டி. மையங்களில் இன்று மிகப் பெரும்பாலானோருக்குக் கொடுப்பது இதைத்தான். நல்ல மாத்திரை, கோடிக்கணக்கானோரின் உயிரைக் காப்பது. டெனோஃபோவிர் சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. அதில் ஒரு பகுதி குழலின் செல்லைக் கடந்து போக வேண்டும். ஒரு பக்கம் செல்லுக்குள் இழுக்கும் வாசலும் மறுபக்கம் வெளியே தள்ளும் வாசலும் இருக்கின்றன. உள்ளே வருவது வேகமாகவும் வெளியேறுவது மெதுவாகவும் நடந்தால் மருந்து செல்லுக்குள் தேங்கி, ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறது. ஆற்றல் இல்லாத செல்லால் எதையும் பொறுக்கி எடுக்க முடியாது.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. மிகச் சிலருக்குத்தான் இந்த அளவுக்குப் போகிறது. எடை குறைந்தவர்கள், வயதானவர்கள், ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்கள், ரிட்டோனாவிர் சேர்ந்த இரண்டாம் நிலை மருந்து சாப்பிடுபவர்கள், வலி மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குபவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். நம் மனிதரிடம் இவற்றில் இரண்டு உண்டு.

இப்போது சீட்டின் மற்ற வரிகளைப் படிக்கலாம். ரத்தத்தில் பாஸ்பேட் 1.6 மில்லிகிராம்; குறைந்தது 2.5 இருக்க வேண்டும். பொட்டாசியம் 3.1, பைகார்பனேட் 17, யூரிக் அமிலம் 1.8. நான்கும் தாழ்ந்திருக்கின்றன. சிறுநீரகம் பழுதானால் பொதுவாகப் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் யூரிக் அமிலமும் ஏறும் என்பதை நினைத்துப் பாருங்கள். இவருக்கு எல்லாமே கீழே போகின்றன என்பதே குழல் ஒழுகுகிறது என்பதற்குச் சாட்சி. ரத்தத்தில் சர்க்கரை 180-ஐத் தாண்டினால்தான் அது சிறுநீரில் வரும். 96-இல் வந்தால் அது நீரிழிவு அன்று. ஃபான்கோனி நோய்க்குறி என்று இதற்குப் பெயர். பாஸ்பேட் இல்லாத எலும்பு சுண்ணாம்பு ஏறாமல் மெத்தென்று ஆகிவிடும். தொடை வலி வந்தது அங்கிருந்துதான். அந்த வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து மேலும் கெடுத்தது. மெட்ஃபார்மினோ இன்னும் மோசமான தேர்வு. ஏற்கெனவே ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கிறது, சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது, டோலுடெக்ராவிர் வேறு மெட்ஃபார்மினை உடலில் தேக்கி வைக்கும். நீரிழிவே இல்லாதவருக்கு இத்தனை ஆபத்து.

சிறுநீரகம் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 140-இலிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்க வேண்டும். அதை ரத்தத்தில் உள்ள கிரியேட்டினினின் 72 மடங்கால் வகுக்க வேண்டும். பெண்களுக்கு விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். ஆறு ஆண்டுகளுக்கு முன் இவருக்கு வயது 40, எடை 56, கிரியேட்டினின் 0.9. நிமிடத்துக்கு 86 மில்லிலிட்டர் வடிகட்டுவதாக வந்தது. இன்று கிரியேட்டினின் 1.5, கணக்கு 42-க்கு இறங்கிவிட்டது. 50-க்குக் கீழே போனால் இந்த டெனோஃபோவிரைத் தவிர்ப்பதுதான் நடைமுறை.

இங்கே ஒரு குழப்பம் வரும். டோலுடெக்ராவிர் தொடங்கிய முதல் நான்கு வாரங்களில் கிரியேட்டினின் 0.1 அல்லது 0.15 ஏறும். அது சிறுநீரகக் கேடு அல்ல. கிரியேட்டினினைக் குழல் வழியாக வெளியேற்றும் ஒரு வாசலை அம்மருந்து அடைக்கிறது, வடிகட்டுதல் மாறுவதில்லை. அந்த ஏற்றத்தைப் பார்த்துப் பதறி நல்ல மருந்தை நிறுத்தியவர்களும் உண்டு, எல்லா ஏற்றத்துக்கும் அதையே காரணமாகச் சொல்லித் தட்டிக் கழித்தவர்களும் உண்டு. பிரித்தறிய வழி எளிது. டோலுடெக்ராவிரின் ஏற்றம் ஒரு மாதத்தில் ஓரிடத்தில் நின்றுவிடும். சிறுநீரில் புரதமோ சர்க்கரையோ வராது. நம் மனிதரின் 1.5-இல் 0.15-ஐக் கழித்துவிட்டுப் போட்டாலும் 46-தான் வருகிறது. தப்பிக்க இடமில்லை.

லோசார்டான் கொடுத்தால் புரதம் குறையுமே என்று யாராவது சொல்லலாம். குறையாது. அது வடிகட்டியின் மருந்து. குழலின் ஒழுக்கை அதனால் அடைக்க முடியாது.

டெனோஃபோவிரை நிறுத்த வேண்டும். ஆனால் நிறுத்துவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: இவருக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா? டெனோஃபோவிர் எச்.ஐ.வி.யோடு ஹெபடைட்டிஸ் பி-யையும் அடக்குகிறது. இருப்பது தெரியாமல் நிறுத்தினால் அடங்கியிருந்த வைரஸ் எழுந்து கல்லீரலைத் தாக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். லாமிவுடின் மட்டும் போதாது. அதற்கு வைரஸ் விரைவில் பழகிவிடும். அப்படிப்பட்டவருக்கு என்டெகாவிர் சேர்க்கலாம், அல்லது டெனோஃபோவிர் அலாஃபெனமைடு என்ற மாற்று வடிவத்துக்குப் போகலாம். 25 மில்லிகிராமே போதுமான அந்த வடிவத்தில் ரத்தத்தில் சுற்றும் மருந்தின் அளவு ஏறத்தாழ 90 சதவீதம் குறைவு. குழல் அதனால் பிழைக்கிறது. ஆனால் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு இது தோதுப்படாது.

நம் மனிதருக்கு ஹெபடைட்டிஸ் பி இல்லை. எனவே டெனோஃபோவிரின் இடத்தில் அபகாவிர் 600 மில்லிகிராம் வருகிறது. அபகாவிருக்குக் கடும் ஒவ்வாமை வரக்கூடியவர்களை எச்.எல்.ஏ-பி 5701 என்ற மரபணுச் சோதனை முன்கூட்டியே காட்டிவிடும். சோதனை கிடைக்காத இடத்தில் முதல் ஆறு வாரம் காய்ச்சல், தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு வருகிறதா என்று கவனிக்க வேண்டும். ஒவ்வாமை என்று நிறுத்திய பிறகு பிறிதொரு நாள் ‘ஒன்று போட்டுப் பார்ப்போம்’ என்று மறுபடி கொடுக்கவே கூடாது. இரண்டாம் முறை உயிரைப் பறிக்கும்.

ஹெபடைட்டிஸ் சி-க்கான சோதனையும் இவருக்குச் செய்யப்பட்டது, இல்லை என்று வந்தது. இருந்திருந்தால் கதையே வேறு. அந்த வைரஸ் சிறுநீரகத்தைத் தாக்குவது குளிரில் உறையும் புரதங்கள் வழியாக. வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வெப்பம் குறைந்தால் கட்டிதட்டும் கலவையாகின்றன. கிரையோகுளோபுலின் என்பது பெயர். காலில் சிவப்புப் புள்ளிகள், மூட்டு வலி, மரமரப்பு, கூடவே சிறுநீரில் அல்புமினும் ரத்தமும். சோதனையில் சி4 என்ற புரதம் மிகவும் தாழ்ந்திருக்கும். முடக்குவாதக் காரணியும் இருப்பதாக வரும். மூட்டு வலியோடு அதைப் பார்த்து முடக்குவாதம் என்று வருடக்கணக்கில் மருந்து கொடுப்பது நடக்கிறது.

கிரையோகுளோபுலின் சோதனை ‘இல்லை’ என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். ரத்தத்தை முன்பே சூடாக்கிய குழாயில் எடுத்து, உறையும் வரை 37 டிகிரியிலேயே வைத்திருந்து, பிறகு சீரத்தைப் பிரித்து 4 டிகிரியில் ஏழு நாள் வரை வைத்துப் பார்க்க வேண்டும். குளிரூட்டிய ஆய்வகத்துக்குப் போகிற வழியிலேயே மாதிரி ஆறிவிட்டால், தேடும் பொருள் ரத்தக் கட்டியோடு அடியில் போய்விடும். நம் ஊர் வெயில்கூட எல்லா நாளும் 37 டிகிரியைத் தொடாது.

இங்கே நல்ல செய்தி உண்டு. இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில் சிறுநீரகம் பழுதானவருக்கு ஹெபடைட்டிஸ் சி சிகிச்சை என்பதே பெரும் துன்பம். உடன் கொடுத்த ரிபாவிரின் உடலில் தேங்கி ரத்தத்தை அழித்தது. இன்று சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராமும் வெல்பாடாஸ்விர் 100 மில்லிகிராமும் சேர்ந்த ஒரு மாத்திரையை நாள்தோறும் 12 வாரம் சாப்பிட்டால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் வைரஸ் ஒழிந்துபோகிறது. டயாலிசிஸில் இருப்பவருக்கும் இதைக் கொடுக்கலாம் என்று 2019-க்குப் பின் தெளிவாகியிருக்கிறது. 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மருந்து இலவசம். வைரஸ் போன பிறகும் கிரையோகுளோபுலினும் புரத ஒழுக்கும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். சிறுநீரகம் வேகமாகச் சரிகிறது என்றால் 12 வாரம் காத்திருக்க நேரமில்லை. எதிர்ப்புப் புரதம் செய்யும் செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாபும் ஸ்டீராய்டும் உடனே தேவை. அதற்கு முன்பும் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்; ரிட்டுக்ஸிமாப் அதை எழுப்பிவிடும்.

இரண்டு தொற்றும் சேர்ந்திருப்பவருக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. வெல்பாடாஸ்விரும் அதே வகை மருந்தான லெடிபாஸ்விரும் ரத்தத்தில் டெனோஃபோவிரின் அளவை உயர்த்தும். எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரென்ஸோ வெல்பாடாஸ்விரின் அளவைக் குறைத்துவிடும். ஆகவே ஹெபடைட்டிஸ் சி மாத்திரையைக் கொடுப்பவர் ஏ.ஆர்.டி. மருந்துப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

நம் மனிதர் தம் புத்தகத்தைக் கடைசியில் காட்டினார். வலி மாத்திரையும் மெட்ஃபார்மினும் நின்றன. பாஸ்பேட், சோடியம் பைகார்பனேட், வைட்டமின் டி கொடுக்கப்பட்டன. முதலில் மறைந்தது சிறுநீரில் இருந்த சர்க்கரை, சில வாரங்களில். பிறகு பாஸ்பேட் ஏறியது, வலி மெல்லக் குறைந்தது. ஆறு மாதத்தில் எடை 50, கிரியேட்டினின் 1.2. வயது 47 ஆகிவிட்டது. கணக்குப் போட்டால் 54 வருகிறது. 86-க்குத் திரும்பவில்லை, திரும்பப் போவதும் இல்லை. டெனோஃபோவிரால் கெட்ட சிறுநீரகம் பலருக்கு முழுதாக மீள்வதில்லை. வைரஸ் எண்ணிக்கை இப்போதும் அளவிட முடியாத நிலையில்தான். ஒரு மாத்திரையாக இருந்தது மட்டும் இரண்டாகிவிட்டது.